ஒரு சொல்லுக்கு ஒரு கேள்வி

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ஆங்கிலத்தில் மாணவர்களைக் குழப்பும் இணைச் சொற்கள். அப்படிப்பட்ட சொற்களைப் பட்டியல் போட்டால் பக்கம் பக்கமாக நீளும். நான் மூன்று இணைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மூன்றிலும் நானே தடுமாறியிருக்கிறேன். முதல் இணையில் நான் தடுமாறியதற்கு என் மாணவி ஒருத்தி விலை கொடுத்தாள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவு. ‘எங்கள் தெரு’ என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதி வரச் சொல்லியிருந்தேன். அந்த மாணவி தன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து எழுதியிருந்தாள். அதில் ஒரு வாக்கியம். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது டிஸ்க்ரீட் ஆன தகவல், அவர்களுடைய உயரம் அப்படிப்பட்டதல்ல என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். டிஸ்க்ரீட் என்ற சொல்லின் கடைசியில் ‘ஈ’, ‘டி’, ‘ஈ’ என்று மூன்று எழுத்துகள். எனக்குத் தெரிந்த டிஸ்க்ரீட் ‘ஈ’, ‘ஈ’, ‘டி’ என்று முடியும். சிவப்பு மையால் வட்டம் போட்டேன், மேலே ‘சரியான’ எழுத்துகளை எழுதினேன், அரை மதிப்பெண் குறைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு தாள்கள். ஒன்று நான் திருத்தியது. இன்னொன்று கணிதத் தேர்வுத்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே கணிதத் தேர்வில் எழுதியிருக்கிறாள். கணித ஆசிரியர் அதே சொல்லுக்கு அதே சிவப்பு மையில் வட்டம் போட்டு, நான் அடித்த எழுத்துகளையே திரும்ப எழுதியிருந்தார்.

“மிஸ், இதுல எது சரி?” என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் தன்மீதுதான் தவறு இருக்கும் என்று நினைக்கிற குரலில் கேட்டாள். அதுதான் எனக்கு வலித்தது. என்னிடம் பதில் இல்லை. “நாளைக்குச் சொல்றேன்மா” என்று அனுப்பிவிட்டு அகராதியைத் திறந்தேன்.

திரையில் இருக்கும் ஆறு சொற்களைப் பாருங்கள்.

discreet – discrete
eminent – imminent
premier – premiere

முதல் வரியில் இருக்கும் இரண்டு சொற்களிலும் அதே எட்டு எழுத்துகள்தான். கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் இடம் மாறி நிற்கின்றன. உச்சரிப்பு முற்றிலும் ஒன்று. காதால் கேட்டுப் பிரிக்கவே முடியாது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், கணினியில் எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் விழாது. தமிழாசிரியர்கள் மயங்கொலிச் சொற்கள் என்று பாடம் நடத்துவார்கள். பனியும் பணியும், அரமும் அறமும். அங்கே உச்சரிப்பைத் திருத்தினாலே பாதி எழுத்துப்பிழை திருந்திவிடும். இங்கே அந்த வழி கிடையாது. பொருளைத்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன். வாக்கியத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டால், எந்தச் சொல் வர வேண்டும் என்று வாக்கியமே சொல்லிவிடும்.

பேச்சு வசதிக்காக முதல் சொல்லைச் ‘சேர்ந்த டிஸ்க்ரீட்’ என்றும், இரண்டாவதைப் ‘பிரிந்த டிஸ்க்ரீட்’ என்றும் சொல்கிறேன். முதலாவதில் இரண்டு ‘ஈ’யும் சேர்ந்து நிற்கின்றன. இரண்டாவதில் ‘டி’ என்ற எழுத்து நடுவில் புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகிறது.

பிரிந்த டிஸ்க்ரீட் என்றால் தனித்தனியான என்று பொருள். நம் மேல்நிலைக் கணிதப் புத்தகத்தில் இதைத் ‘தனிநிலை’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் நான்கு பேர் இருக்கலாம், ஐந்து பேர் இருக்கலாம். நாலே கால் பேர் இருக்க முடியாது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே வெற்றிடம். உயரம் அப்படியல்ல. ஒரு குழந்தை 140 சென்டிமீட்டரிலிருந்து 141க்கு வளரும்போது நடுவில் உள்ள எல்லா அளவுகளையும் கடந்துதான் வளர்கிறது. அது தொடர்ச்சியானது. ஆகவே இந்தச் சொல்லுக்கு உரிய கேள்வி: ‘ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண முடியுமா?’ முடியும் என்றால் பிரிந்த டிஸ்க்ரீட்.

இதில் ஒரு திருத்தத்தை எங்கள் கணித ஆசிரியர் சொன்னார். எண்ண முடியும் என்றால் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். நாம் போடும் மதிப்பெண்ணையே பாருங்கள். ஏழு, ஏழரை, எட்டு. அரை மதிப்பெண் உண்டு. ஆனால் ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் எதுவும் இல்லை. ஆகவே மதிப்பெண்ணும் தனிநிலைதான். நான் அந்த மாணவியிடமிருந்து பறித்த அரை மதிப்பெண்ணே அவள் எழுதிய சொல்லுக்கு உதாரணமாக இருந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சேர்ந்த டிஸ்க்ரீட் என்றால், பிறர் கவனத்தில் படாமல் நடந்துகொள்கிற, வெளியே சொல்லக் கூடாததைச் சொல்லாமல் காக்கிற என்று பொருள். கட்டணம் கட்ட முடியாத மாணவனை வகுப்பில் எழுப்பிக் கேட்காமல், இடைவேளையில் தனியாக அழைத்துக் கேட்கிற ஆசிரியர் சேர்ந்த டிஸ்க்ரீட். கண்ணை உறுத்தாமல் சட்டையின் ஓரத்தில் இருக்கும் சிறிய முத்திரைக்கும் அதே சொல்தான். கேள்வி: ‘யார் கண்ணில் படாமல்?’ இந்தக் கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருந்தால் சேர்ந்த டிஸ்க்ரீட்.

எழுத்தை நினைவில் வைக்க மாணவர்களுக்கு நான் ஒரு படம் வரைந்து காட்டுவேன். பிரிந்த டிஸ்க்ரீட்டில் ‘டி’ ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் ‘ஈ’, அந்தப் பக்கம் ஓர் ‘ஈ’, தனித்தனி. சேர்ந்த டிஸ்க்ரீட்டில் இரண்டு ‘ஈ’யும் தலையோடு தலை சேர்த்து இரகசியம் பேசுகின்றன. ‘டி’ வெளியே காவல் நிற்கிறது.

ஆனால் இந்தப் படம் ஓரிடத்தில் காலை வாரிவிடும். சேர்ந்த டிஸ்க்ரீட்டின் பெயர்ச்சொல் டிஸ்க்ரிஷன். அதில் ‘ஈ’ ஒன்றுதான் வரும், உடனே ‘டி’ வந்துவிடும். பார்த்தால் பிரிந்த டிஸ்க்ரீட்டிலிருந்து வந்ததுபோல இருக்கும். என் படத்தை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு பையன், அந்தப் பெயர்ச்சொல்லிலும் இரண்டு ‘ஈ’ போட்டு எழுதிவிட்டான். தவறு அவனுடையதல்ல, எல்லையைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்ன என்னுடையது. இப்போது படத்தை வரைந்தவுடனே டிஸ்க்ரிஷனையும் எழுதி, ‘இது மட்டும் விதிக்கு அடங்காத பிள்ளை’ என்று சொல்லிவிடுகிறேன்.

ஏன் இப்படி ஒரு குழப்பம்? இரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் என்பதுதான் காரணம். இலத்தீனில் ‘கெர்னெரே’ என்றொரு வினைச்சொல். சலிப்பது, சலித்துப் பிரிப்பது என்று பொருள். அதன் முன்னால் தனித்தனியே என்ற பொருள் தரும் ‘டிஸ்’ சேர்ந்தது. சலித்தபின் தனியாகக் கிடப்பது ஒன்று. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மனத்துக்குள் சலித்துப் பார்க்கத் தெரிந்தவர் இன்னொன்று. ஆங்கிலத்தில் நெடுங்காலம் இரண்டு பொருளுக்கும் எழுத்துகளை மாற்றி மாற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு என்று நிலைத்தது.

இதை வகுப்பில் சொன்னபோது நம் மொழியிலும் இதே வழி இருப்பது நினைவுக்கு வந்தது. ‘பகு’ என்ற ஒரே வேரிலிருந்துதான் பகுதியும் வருகிறது, பகுத்தறிவும் வருகிறது. ஒன்று பிரிந்து கிடக்கும் துண்டு. இன்னொன்று பிரித்துப் பார்க்கும் அறிவு. இதைச் சொன்னபின் பிள்ளைகளுக்கு இரண்டு டிஸ்க்ரீட்டும் அந்நியமாகத் தெரியவில்லை.

அடுத்த இணை எமினன்ட், இமினன்ட். இதில் நான் செய்த தவறு அச்சேறும் முன்பே பிடிபட்டது. பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவள் நான். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற கல்வியாளர். அவரைப் புகழ்ந்து எழுத நினைத்து, எமினன்ட் போட வேண்டிய இடத்தில் இமினன்ட் போட்டுவிட்டேன். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பை எங்கள் தமிழாசிரியர் ஐயா கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, புயல் வரப்போறதுன்னு சொல்ல இந்தச் சொல்லைத்தானே போடுவாங்க? விருந்தினர் அவ்வளவு வேகமாவா வர்றார்?” என்று கேட்டார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போயிருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

இங்கேயும் இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். துருத்தி நிற்பது, நீட்டிக்கொண்டிருப்பது என்ற பொருள் கொண்ட இலத்தீன் வேர். எமினன்ட்டின் முன்னால் உள்ள ‘எ’க்கு வெளியே என்று பொருள். கூட்டத்திலிருந்து தனியே எடுப்பாகத் தெரிகிறவர் எமினன்ட். இமினன்ட்டின் முன்னால் இருப்பதற்கு மேலே, மீது என்று பொருள். தலைக்கு மேலே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நேரமும் விழலாம். அதனால் இமினன்ட் என்ற சொல் பெரும்பாலும் ஆபத்து, புயல், மரணம், போர் போன்ற சொற்களோடுதான் கூடித் திரியும். நல்ல செய்திக்கும் வரலாம். தேர்வு முடிவு இதோ வெளியாகப் போகிறது என்பதற்கும் போடலாம். ஆனாலும் அதில் ஒரு படபடப்பு இருக்கும்.

கேள்விகள் எளியவை. எமினன்ட்டுக்குரிய கேள்வி ‘எதில்?’ சர் சி.வி. இராமன் எமினன்ட் என்றால், எதில்? இயற்பியலில். பதில் கிடைத்துவிட்டது. இமினன்ட்டுக்குரிய கேள்வி ‘எப்போது?’ புயல் கரையைக் கடப்பது இமினன்ட் என்றால், எப்போது? இன்னும் சில மணி நேரத்தில். இரண்டு கேள்விகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘புயல் எதில்?’ என்றோ ‘இராமன் எப்போது?’ என்றோ கேட்டால் பொருந்தவே பொருந்தாது. என் அழைப்பிதழில் ‘விருந்தினர் எதில்?’ என்று கேட்டிருந்தால் ‘கல்விப் பணியில்’ என்று பதில் வந்திருக்கும், நான் தப்பித்திருப்பேன்.

எழுத்தை நினைவில் வைக்கத் தமிழே உதவுகிறது. இமினன்ட்டில் ‘இ’, இதோ வரப்போகிறது. எமினன்ட்டில் ‘எ’; எடுப்பாகத் தெரிகிறார். ‘எம்’ என்ற எழுத்து ஒன்றா இரண்டா என்பது அடுத்த குழப்பம். உடனடி என்ற பொருளில் நாம் அன்றாடம் சொல்லும் இமீடியட் என்ற சொல்லை மாணவர்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதுவார்கள். அதில் இரண்டு ‘எம்’. இமினன்ட்டும் அவசரக்காரச் சொல்தான், அதிலும் இரண்டு ‘எம்’. எமினன்ட் நிதானமானது, ஒன்று போதும்.

இந்தக் கேள்விக்கும் ஓர் எல்லை உண்டு. பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சட்ட ஆங்கிலத்தில் எமினன்ட் டொமைன் என்பார்கள். டச்சு சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் 1625இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் பயன்படுத்திய தொடரிலிருந்து வந்தது அது. அங்கே ‘எதில்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘எதைவிட உயர்ந்து?’ என்று கேட்க வேண்டும். நில உரிமையாளரின் உரிமையைவிட உயர்ந்து நிற்பது அரசின் உரிமை என்பது அதன் கருத்து. நிலம் பறிபோகும் ஆபத்து நெருங்கிவிட்டது என்று நினைத்து இங்கே இமினன்ட் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேரில் உள்ள ‘எடுப்பாக உயர்ந்து நிற்பது’ என்ற பொருளை நினைத்துக்கொண்டால் அந்தத் தவறு வராது.

மூன்றாவது இணைக்கு வருவோம். இரண்டையும் நாம் பிரீமியர் என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலேயர் வாயில் முதலாவது ‘பிரெமியர்’ என்றும், இரண்டாவது ‘பிரெமியேர்’ என்றும் ஒலிக்கும். நம் வகுப்பறையில் அந்த வேறுபாடு காதில் விழுவதில்லை. எழுத்தில் உள்ள வேறுபாடு கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ‘ஈ’ மட்டும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘வால்’. வாலில்லாத பிரீமியர், வாலுள்ள பிரீமியர்.

இரண்டும் பிரெஞ்சு மொழியில் ‘முதல்’ என்ற ஒரே சொல்லின் ஆண்பால், பெண்பால் வடிவங்கள். பிரெஞ்சில் உயிரற்ற பொருள்களுக்கும் பால் உண்டு. நாடகத்தின் அரங்கேற்றக் காட்சியைக் குறிக்கும் சொல் பெண்பால் என்பதால், அதனோடு வந்த ‘முதல்’ என்ற சொல்லும் பெண்பால் வால் பெற்றது. ஆங்கிலம் இரண்டு வடிவங்களையும் வாங்கி, இரண்டு வேலைகளைக் கொடுத்துவிட்டது.

வாலில்லாதது தரத்தில் முதல். வாலுள்ளது காலத்தில் முதல். தமிழில் சொன்னால், ஒன்று முதன்மை. மற்றொன்று முதல் காட்சி.

2008இல் தொடங்கிய இந்தியக் கிரிக்கெட் போட்டியின் பெயரில் இருப்பது வாலில்லாத பிரீமியர். முதல் முறையாக நடக்கும் போட்டி என்று அதற்குப் பொருள் அல்ல, முதன்மையான போட்டி என்று பொருள். கனடாவின் மாகாணங்களிலும் ஆஸ்திரேலியாவின் மாநிலங்களிலும் ஆட்சித் தலைவரைப் பிரீமியர் என்கிறார்கள். விடுதலைக்கு முன் நம் சென்னை மாகாணத்திலும் அந்தப் பெயர் வழங்கியது. 1937இல் இராஜாஜி ஏற்ற பொறுப்பு அதுதான். இதற்கு நிகரான நம் சொல்லைப் பாருங்கள்: முதல்வர். ‘முதல்’ என்ற சொல்லிலிருந்தே வந்திருக்கிறது. இந்த ஒரு சொல்லைச் சொன்னாலே மாணவர்கள் வாலில்லாத பிரீமியரைப் பிடித்துக்கொள்வார்கள்.

வாலுள்ளதற்கு நான் சொல்லும் உதாரணம், தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் திரையிடப்பட்டது. அந்தத் திரையிடல் வாலுள்ள பிரீமியர். படம் நல்ல படமா இல்லையா என்பது இந்தச் சொல்லுக்குத் தேவையில்லை. மோசமான படத்துக்கும் முதல் காட்சி உண்டுதானே?

ஆகவே கேள்விகள் இவை. வாலில்லாததற்கு ‘எவற்றுள் முதன்மை?’ வாலுள்ளதற்கு ‘எந்த நாளில், எங்கே?’ நிகழ்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ஈவென்ட் ‘ஈ’யில் தொடங்குகிறது. வாலாக நிற்கும் ‘ஈ’யை அந்த ஈவென்ட்டின் ‘ஈ’ என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. வாலுள்ளதை வினைச்சொல்லாகவும் பயன்படுத்தலாம். படம் நேற்று முதன்முதலாகத் திரையிடப்பட்டது என்று சொல்ல அது வரும். வாலில்லாததை அப்படிப் பயன்படுத்துவதில்லை. ஆகவே சொல் வினையின் இடத்தில் நின்றால், கேள்வி கேட்காமலே வாலைச் சேர்த்துவிடலாம்.

பாடக் காணொலிகளை யூடியூபில் ஏற்றும் ஆசிரியர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும்படி முதல் ஒளிபரப்பை அமைக்கும் வசதிக்கு அங்கே Premiere என்று பெயர். வாலைக் கவனித்துப் பாருங்கள். நாளும் நேரமும் குறிக்கச் சொல்கிறது அல்லவா? நம் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

இனி இதை வகுப்பில் கொண்டுபோவது பற்றி. தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு, இணையில் உள்ள இரண்டு சொற்களையும் ஒரே நாளில், கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நடத்தியது. தேர்வில் சரியாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அதன்பிறகு குழம்பினார்கள். இரண்டு சொற்கள் இருக்கின்றன என்பது நினைவிருந்தது, எது எது என்பது நினைவில்லை. ஒரே சாயலில் உள்ள இரட்டைக் குழந்தைகளை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் பெயர் மாறிப் போகும் அல்லவா, அதுபோல.

இப்போது முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஒரு சொல்லை மட்டும், அதன் கூட்டாளிகளோடு சேர்த்துத் தருகிறேன். இமினன்ட் என்றால் ஆபத்து, புயல் என்ற சொற்களோடு. அதற்குரிய கேள்வி ‘எப்போது?’ என்பதை வகுப்பு முழுக்கச் சொல்லும். இரண்டு வாரம் அந்த ஒரு சொல் வாசிப்பிலும் எழுத்திலும் புழங்கும். அது ஊன்றிய பிறகுதான் எமினன்ட் வரும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது மூன்றாவது கட்டம். அப்போது கோடிட்ட இடம் நிரப்பப் பத்து வாக்கியங்கள் தருவேன். விடையை மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கேள்வியைக் கேட்டாய், வாக்கியத்தில் எந்தச் சொல் பதில் சொன்னது என்று அதன் கீழே கோடிட வேண்டும். குத்துமதிப்பாக எழுதியவன் அங்கே அகப்பட்டுக்கொள்வான். ஏனென்றால் இரண்டே விடைகள் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதி சரியாகிவிடும்.

அந்தப் பத்தில் ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே இரண்டுக்கும் பொருந்துவதாக வைப்பேன். மண்டபத்தில் விளக்குகள் டிஸ்க்ரீட் ஆக வைக்கப்பட்டிருந்தன என்ற வாக்கியம். கண்ணை உறுத்தாமல் வைத்தார்களா, தனித்தனியாக வைத்தார்களா? இரண்டும் நடக்கக்கூடியதே. எழுதியவர் என்ன நினைத்தார் என்று தெரிந்தால்தான் எழுத்துக்கூட்டைச் சொல்ல முடியும். போன முறை இந்த வாக்கியத்துக்கு ஒரு பையன் விடை எழுதாமல், “எழுதினவரைக் கேக்கணும்” என்று எழுதியிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், ‘இந்தச் சொற்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு?’ என்று நினைக்கலாம். இந்த ஆறும் உங்கள் வகுப்புக்கு உரியவை அல்ல, உண்மைதான். ஆனால் சுற்றறிக்கையிலும் அழைப்பிதழிலும் மாணவருக்கு எழுதித் தரும் பரிந்துரையிலும் இவை நமக்கு வருகின்றன. அங்கே நம்மைத் திருத்த வேறு ஆள் கிடையாது. எல்லா மெய்ப்பையும் பார்க்க எங்கள் தமிழாசிரியர் ஐயா வர மாட்டார்.

கடைசியாக அந்த மாணவிக்கு வருகிறேன். மறுநாள் அவளிடமிருந்து இரண்டு தாள்களையும் வாங்கினேன். என் தாளில் நான் போட்ட வட்டத்தை அடித்து, குறைத்த அரை மதிப்பெண்ணைச் சேர்த்து, தேதியிட்டுச் சுருக்கொப்பம் இட்டேன். கணித ஆசிரியரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போய், “இவ தப்பா எழுதலை சார், நான் தப்பாச் சொல்லிக் கொடுத்திட்டேன்” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது அவள் கேட்டாள். “அப்போ நான் மொதல்ல எழுதினதே சரிதானா மிஸ்?”

“சரிதான்மா. உனக்கு ஏன் அப்படி எழுதணும்னு தோணிச்சு?”

“கணக்குப் புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு மிஸ். நீங்க அடிச்சதும், இங்கிலீஷுக்கு வேற மாதிரி போலன்னு நெனச்சேன். அப்புறம் கணக்குலயும் மாத்திட்டேன்.”

ஒரே சொல்லுக்குக் கணிதத்தில் ஓர் எழுத்துக்கூட்டு, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட்டு என்று ஒரு குழந்தை தனக்குத்தானே ஒரு விதியைச் செய்துகொள்ள வைத்தது என் சிவப்பு வட்டம். தன் புத்தகத்தில் கண்ணால் பார்த்ததைவிட என் மையை அவள் அதிகம் நம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து, எனக்குப் பழக்கமில்லாத எழுத்துக்கூட்டைக் கண்டால் பேனாவை உடனே வைப்பதில்லை. அந்த வாக்கியத்தைப் பார்த்து முதலில் கேள்வியைக் கேட்கிறேன். ‘எண்ண முடியுமா?’ ‘யார் கண்ணில் படாமல்?’ ‘எதில்?’ ‘எப்போது?’ ‘எவற்றுள் முதன்மை?’ ‘எந்த நாளில், எங்கே?’ பதில் வரவில்லையென்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு கேள்விக்குறி போட்டுவிட்டு, அகராதியைப் பார்த்த பிறகே சிவப்பு மையை எடுக்கிறேன்.